விதி ரேகை அறுந்திருந்தால் என்ன பொருள்?

கைரேகை பார்ப்பவர்கள் சொல்வதில் ஆளை அதிகம் கலங்கடிக்கும் சொற்றொடர் எது என்றால், "உங்கள் விதி ரேகை நடுவில் அறுந்திருக்கிறதே" என்பதுதான். கையை நீட்டியவர் அன்றிரவு தூங்கமாட்டார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் தாயாக இருந்தால், மறுநாளே பரிகாரம் எங்கே செய்யலாம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். ஆனால் இந்தச் சாத்திரத்தை ஒழுங்காகப் படித்தவர்கள் அறுந்த ரேகையைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த அச்சத்துக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. ரேகை எங்கே அறுந்திருக்கிறது, எப்படி அறுந்திருக்கிறது, அடுத்த துண்டு எங்கே தொடங்குகிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் பலன் சொல்லக்கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. அந்த முறை என்னவென்று தெரிந்துகொண்டால், கையைப் பிடித்துப் பயமுறுத்துபவரிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியும்.

விதி ரேகை என்பது மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து நடுவிரலை நோக்கி மேலே ஏறும் கோடு. நடுவிரலின் அடியில் இருக்கும் சதைப்பகுதியைச் சனி மேடு என்பார்கள். அதனால் இதற்குச் சனி ரேகை என்ற பெயரும் உண்டு. கட்டைவிரலைச் சுற்றி வளைந்து இறங்குவது ஆயுள் ரேகை. உள்ளங்கையின் குறுக்கே நடுவில் ஓடுவது புத்தி ரேகை. அதற்கு மேலே, விரல்களுக்குக் கீழே குறுக்கே ஓடுவது இருதய ரேகை. இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லாக் கைகளிலும் இருக்கும். விதி ரேகை அப்படியில்லை. சிலருக்கு அடியிலிருந்து நுனிவரை ஆழமாக ஓடும். சிலருக்குப் பாதியில் முளைக்கும். சிலருக்குத் தேடினாலும் கிடைக்காது. வேலை, வருமானம், வாழ்க்கையின் போக்கு ஆகியவற்றை இந்தக் கோட்டில்தான் படிக்கவேண்டும் என்பது மரபு.

மணிக்கட்டிலிருந்து மேலே ஏறும் கோட்டுக்கு நம் நாட்டில் பழைய மதிப்பு உண்டு. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, மணிக்கட்டில் எழுந்து உள்ளங்கைக்குள் செல்லும் மூன்று கோடுகளை அரசனுக்குரிய இலக்கணமாகச் சொல்கிறது. வடமொழி நூல்களில் இப்படி ஏறும் கோட்டுக்கு ஊர்த்துவ ரேகை என்று பெயர். திருக்குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி, வசந்தவல்லியின் கையைப் பார்த்துத்தான் குறி சொல்கிறாள். ஆனாலும் இன்று தமிழில் கிடைக்கும் கைரேகைப் புத்தகங்களில் விதி ரேகையின் தொடக்கம், முடிவு, முறிவு பற்றி இருக்கும் பலன்களில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்தது. அயர்லாந்தில் 1866இல் பிறந்து கீரோ என்ற புனைபெயரில் புகழடைந்தவர் 1894இல் வெளியிட்ட நூல் ஒரு மூலம். அமெரிக்கரான வில்லியம் பென்ஹாம் 1900இல் வெளியிட்ட தடித்த நூல் இன்னொன்று. பழைய இந்திய நூல்களுக்கும் இவற்றுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். இன்று நாம் இருதய ரேகை என்று சொல்லும் கோட்டைப் பார்த்துத்தான் வராகமிகிரர் ஆயுளைக் கணக்கிடுகிறார். சுண்டுவிரலின் அடியில் கிளம்பி ஆட்காட்டி விரல்வரை போனால் 100 வயது என்கிறார். ஆகவே "முனிவர்கள் சொன்னது" என்று ஒருவர் விதி ரேகைக்குப் பலன் சொன்னால், அவர் சொல்வது 1894ஆம் வருடத்துப் புத்தகமாகவும் இருக்கலாம்.

ரேகையைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும். மணிக்கட்டுப் பக்கம் இளமை, விரல் பக்கம் முதுமை. எனவே முதலில் பார்க்கவேண்டியது அது எங்கே பிறக்கிறது என்பதை.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் நடுவில் தனியாகக் கிளம்பி நேராகச் சனி மேட்டுக்குப் போவது மிகச் சிறந்ததாகச் சொல்லப்படுகிறது. இளமையிலேயே தன் வழி எதுவென்று தெரிந்து, அதிலேயே நிலைத்து நிற்பவரின் கை இது. கிளம்பும்போதே ஆயுள் ரேகையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பலன் மாறுகிறது. ஒட்டியிருக்கும் காலம்வரை அந்த மனிதரின் வாழ்க்கையைக் குடும்பம் தீர்மானிக்கிறது என்பார்கள்: அப்பா சொன்ன படிப்பு, தாத்தா ஆரம்பித்த கடை, தம்பி தங்கைகளுக்காக விட்டுக்கொடுத்த மேற்படிப்பு. ஆயுள் ரேகையை விட்டு விதி ரேகை எங்கே பிரிகிறதோ, அந்த வயதில் அவர் தன் காலில் நிற்கத் தொடங்குகிறார். பிரிந்த பிறகு கோடு ஆழமாக இருந்தால் சொந்த உழைப்பால் முன்னுக்கு வருபவர். நம் குடும்பங்களின் அமைப்போடு இது எளிதில் பொருந்திவிடுவதால், கேட்பவர் "அப்படியே என் கதை" என்று தலையாட்டிவிடுவார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மூன்றாவது பிறப்பிடம் சந்திர மேடு. கட்டைவிரலுக்கு எதிர்ப்பக்கம், சுண்டுவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டை ஒட்டிய சதைப்பகுதி அது. அங்கிருந்து சாய்வாகக் கிளம்பும் ரேகை, பிறர் தயவில் உயரும் வாழ்க்கையைச் சொல்கிறது. வாக்கு வாங்கி ஜெயிப்பவர், மேடையில் பாடுபவர், நடிப்பவர், வாடிக்கையாளர் முகம் பார்த்துத் தொழில் செய்பவர் ஆகியோருக்கு இது நல்லது. மக்கள் விரும்பும்வரை ஏற்றம், அலுத்துவிட்டால் இறக்கம். ரேகை நேராக இருந்து, சந்திர மேட்டிலிருந்து ஒரு கிளை மட்டும் வந்து அதில் சேர்ந்தால், சேரும் வயதில் ஒரு மனிதர் வாழ்க்கைக்குள் வந்து போக்கை மாற்றுகிறார் என்பது பலன். திருமணத்தையும் தொழில் கூட்டாளியையும் இங்கேதான் தேடுவார்கள்.

உள்ளங்கையின் நடுக்குழியில் தொடங்கினால் போராட்டத்துக்குப் பிறகு வரும் நிலைப்பு. புத்தி ரேகையில் தொடங்கினால் நடுவயதுக்கு மேல் வரும் வெற்றி. இருதய ரேகையில் தொடங்கினால் அதற்கும் பிந்தியது. தாமதமாகத் தொடங்கும் ரேகையை யாரும் கெட்டதாகச் சொன்னதில்லை.

முடிவைப் பார்ப்போம். ரேகை சனி மேட்டின் நடுவில், விரலுக்குச் சற்றுக் கீழே மெலிந்து ஓய்வதுதான் இயல்பான முடிவு. விரலுக்குள்ளேயே ஏறிவிட்டால் நல்லதில்லை; எதையும் அளவோடு நிறுத்தத் தெரியாதவர் என்பார்கள். ஆட்காட்டி விரலின் அடியிலுள்ள குரு மேட்டுப் பக்கம் சாய்ந்து முடிந்தால் அதிகாரம், பொறுப்பு, தலைமை. மோதிர விரல் பக்கம், அதாவது சூரிய மேட்டை நோக்கிச் சாய்ந்தால் கலை, புகழ், மக்கள் தொடர்பு. பாதியில் நின்றுவிடும் ரேகையில் எந்தக் கோட்டின்மேல் நிற்கிறது என்பது முக்கியம். புத்தி ரேகையில் முட்டி நின்றால், தன் தவறான முடிவு ஒன்றால் வந்த தடை. இருதய ரேகையில் முட்டி நின்றால் பாசத்தாலோ காதலாலோ வந்த தடை. இது கீரோ சொல்லும் கணக்கு. இன்றைய கைரேகையாளர்களில் பலர் இருதய ரேகையில் நிற்பதை அப்படி எடுப்பதில்லை. ஐம்பதை ஒட்டிய வயதில் வேலையின் தீவிரம் குறைந்து, மனிதர் ஓய்வை நோக்கித் திரும்புகிறார் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் இதுவே நியாயமாகப் படுகிறது. எத்தனையோ கைகளில் ரேகை அங்கேதான் நிற்கிறது. அத்தனை பேரும் காதலால் கெட்டார்கள் என்பது நம்பும்படியாக இல்லை.

வயதைக் கணக்கிடும் முறை தெரியாமல் முறிவைப் பற்றிப் பேச முடியாது. விதி ரேகையும் புத்தி ரேகையும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கீரோ 35 வயது என்று வைக்கிறார். வயதை ஏழு ஏழாகப் பிரிப்பது அவர் முறை. அதன்படி இருதய ரேகையைத் தொடும் இடம் 49ஐ ஒட்டி வரும். பென்ஹாம் வேறு அளவு வைக்கிறார். அவருக்குப் புத்தி ரேகை வரை 30, இருதய ரேகை வரை 45. இரண்டு பெரிய ஆசான்களுக்குள் ஐந்து வருட வித்தியாசம். ஒரு கையை அளந்து பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவரின் கை என்று வைத்துக்கொள்வோம். வலக்கைப் பழக்கம் உள்ளவர். மணிக்கட்டின் முதல் கோட்டிலிருந்து நடுவிரலின் அடிவரை 10 செ.மீ. விதி ரேகை புத்தி ரேகையை 5.5 செ.மீ. உயரத்தில் வெட்டுகிறது, இருதய ரேகையை 8 செ.மீ.யில் தொடுகிறது. தொடக்கத்தில் ஆயுள் ரேகையோடு ஒட்டியிருந்து 3 செ.மீ.யில் பிரிகிறது. பிறகு 4.8 செ.மீ. வரை போய் நின்றுவிடுகிறது. ஆனால் அது நிற்பதற்கு முன்பே, 4.4 செ.மீ.யில், மோதிர விரல் பக்கமாக 3 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு தொடங்கி, முதலாவதைவிட ஆழமாக மேலே போகிறது. இடக்கையில் இப்படி எதுவும் இல்லை. அங்கே ரேகை ஒரே கோடாகப் போகிறது.

தெருவோரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் "முப்பதுக்குள் பெரிய கண்டம், ரேகை அறுந்துவிட்டது" என்று சொல்லக்கூடிய கை இது. சாத்திரம் சொல்வது நேர்மாறானது. முறிவில் இரண்டு வகை உண்டு. முதல் துண்டு நின்று, கொஞ்சம் இடைவெளி விட்டு, அடுத்த துண்டு தொடங்கினால் அது வெற்று முறிவு. அந்த இடைவெளியின் காலத்தில் வேலை இல்லாமலோ வருமானம் நின்றோ தடுமாற்றம் இருக்கும் என்பது பலன். முதல் துண்டு முடிவதற்கு முன்பே இரண்டாவது தொடங்கி, இரண்டும் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால், அது மாற்றம். பழைய வழியை விடும் முன்பே புதிய வழி பிறந்துவிட்டது என்று பொருள். இப்படி ஒன்றன்மேல் ஒன்று படிந்த முறிவு தெளிவாக இருந்தால், வரும் மாற்றம் அந்த மனிதரின் விருப்பத்துக்கு ஏற்றதாகவே இருக்கும் என்று கீரோவே எழுதியிருக்கிறார். இரண்டாவது துண்டு முதலாவதைவிட ஆழமாக இருந்தால் முன்னைவிட நிலையான வாழ்க்கை. மெல்லியதாக இருந்தால் மாற்றத்துக்குப் பிறகு பிடிப்பு குறைவு.

அடுத்து, நகர்வு எந்தப் பக்கம் என்று பார்க்கவேண்டும். புதிய துண்டு கட்டைவிரல் பக்கமாகத் தள்ளித் தொடங்கினால், பொறுப்பும் அதிகாரமும் கூடும் வேலைக்கு மாறுகிறார், அல்லது குடும்பத்தின் பாரத்தை ஏற்கிறார் என்பார்கள். மோதிர விரல், சுண்டுவிரல் பக்கமாகத் தள்ளினால், நாலு பேரோடு பழகும் தொழில், கைத்திறன், வியாபாரம், கலை. முறிவின்மேல் நான்கு சிறு கோடுகள் சேர்ந்து பெட்டி மாதிரி சதுரம் அமைந்திருந்தால், இழப்பு வந்தாலும் காக்கப்படுவார். இடைவெளியே இல்லாமல் ஒரு குறுக்குக்கோடு மட்டும் வெட்டிப்போனால் அது முறிவு ஆகாது. கொஞ்ச நாள் தடை, அவ்வளவுதான். கோடு இரண்டாகப் பிளந்து மறுபடி கூடுவதைத் தீவு என்பார்கள். பணக்கஷ்டமோ மனக்குழப்பமோ நீடிக்கும் காலம் அது. இத்தனை வேறுபாட்டையும் "அறுந்திருக்கிறது" என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது சாத்திரத்துக்கும் செய்யும் அநியாயம், கையை நீட்டியவருக்கும் செய்யும் அநியாயம்.

இப்போது அந்தப் பெண்ணின் கைக்குத் திரும்புவோம். கீரோவின் அளவுப்படி 5.5 செ.மீ.க்கு 35 வருடம். 3 செ.மீ.யில் ஆயுள் ரேகையைப் பிரிவது 19 வயது. மாற்றம் நடக்கும் 4.4 முதல் 4.8 செ.மீ. வரையிலான பகுதி 28 முதல் 30½ வயது. புதிய துண்டு மோதிர விரல் பக்கம் தள்ளியிருக்கிறது, ஆழமாகவும் இருக்கிறது. எனவே, பத்தொன்பது வரை வீட்டார் முடிவு. இருபத்தெட்டு முப்பதில், பார்த்துவந்த வேலையை விடுவதற்கு முன்பே தொடங்கிவிட்ட வேறொரு தொழிலுக்கு, மக்களோடு நேரடியாகப் பழகும் தொழிலுக்கு, விரும்பி மாறினார். இப்போது முன்னைவிட நிலையாக இருக்கிறார். இடக்கையில் முறிவு இல்லாததால், பிறப்பில் வந்த போக்கு ஒன்று, அவராகத் தேர்ந்த போக்கு வேறு. பழக்கக் கையில் வாழ்ந்த வாழ்க்கையையும் மற்றக் கையில் பிறவி இயல்பையும் பார்ப்பது இன்றைய முறை. ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்ற பழைய வழக்கத்தைப் பின்பற்றுபவர் இடக்கையை மட்டும் பார்த்து, இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் மாற்றமே இல்லை என்று சொல்லியிருப்பார்.

அதே கையை இனி பென்ஹாமின் அளவில் பாருங்கள். 5.5 செ.மீ.க்கு 30 வருடம். பிரியும் வயது 16. மாற்றத்தின் காலம் 24 முதல் 26. அந்தப் பெண் இருபத்தொன்பதில் பள்ளி ஆசிரியை வேலையை விட்டுத் துணிக்கடை தொடங்கியிருந்தால் கீரோ சரி. இருபத்தைந்தில் திருமணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தால் பென்ஹாம் சரி. இரண்டும் நடந்திருந்தால், பார்ப்பவர் எந்த அளவை எடுத்தாலும் "எப்படி இவ்வளவு சரியாகச் சொன்னீர்கள்!" என்று அவர் வியப்பார். இருபதுக்கும் முப்பதுக்கும் இடையில் படிப்பு முடிவதும், வேலை கிடைப்பதும், திருமணமும், குழந்தையும், ஊர் மாறுவதும் எல்லார் வாழ்விலும் நடப்பவை. அந்தப் பத்து வருடத்தில் எங்கே குத்தினாலும் ஏதாவது ஒன்றில் படும். ஆயுள் ரேகையோடு ஒட்டிய தொடக்கத்துக்கு முன்னால் சொன்ன பலனும் இப்படித்தான்; நம் ஊரில் பள்ளிப்படிப்பு முடியும்வரை வீட்டார் முடிவெடுக்காத பிள்ளை அரிது.

இந்தக் கையில் 1 மி.மீ. என்பது ஏழெட்டு மாதம். பேனா முனையின் கனமே அரை மி.மீ.க்கு மேல் இருக்கும். வெட்டும் கோடுகளுக்கும் தடிமன் உண்டு. புத்தி ரேகையின் மேல் விளிம்பை எடுப்பதா கீழ் விளிம்பை எடுப்பதா என்பதிலேயே ஒரு வருடம் போய்விடும். புத்தி ரேகை சிலருக்கு நேராக ஓடாமல் சந்திர மேட்டை நோக்கிச் சரிந்து இறங்கும். அந்தக் கைகளில் வெட்டுப்புள்ளி கீழே வந்துவிடுவதால் முப்பத்தைந்து வருடம் 4 செ.மீ.க்குள் நெருக்கப்படுகிறது. சிலருக்குப் புத்தி ரேகையும் இருதய ரேகையும் ஒன்றாகிக் கையின் குறுக்கே ஒரே கோடாக ஓடும். அங்கே அளவுகோலே கிடையாது. ஆகவே "அடுத்த வருடம் தை மாதம் வேலை போகும்" என்று விதி ரேகையைப் பார்த்து ஒருவர் சொன்னால், அவர் பின்பற்றும் சாத்திரத்தில் அதற்கு வழியே இல்லை.

முறிவுபோலத் தெரிந்து முறிவாக இல்லாதவையும் நிறைய. மேலிருந்து விழும் குழல்விளக்கின் வெளிச்சத்தில் மெல்லிய கோடு மறைந்துவிடும். காலை வெளிச்சத்தில் ஜன்னலருகே உட்கார்ந்து, கையை விரிக்காமல் தளர்வாக, சற்றே குழித்து வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். இடைவெளி என்று நினைத்த இடத்தில் மயிரிழைபோலக் கோடு தொடர்வது தெரிந்தால் அது மெலிவு. அந்தக் காலத்தில் பிடிப்புக் குறைவு என்றுதான் பலன். பாத்திரம் கழுவுவது, சிமெண்ட் கலப்பது, கடப்பாரை பிடிப்பது போன்ற வேலைகளால் தோல் தடித்த கையில் நடுவில் கோடு காணாமல் போவது வழக்கம். தழும்பும் கோட்டை மறைக்கும். அப்படிப்பட்ட கையில் விரல்களை லேசாக மடக்கி நீட்டினால் தோல் எங்கே மடிகிறது என்று தெரியும். ரேகை அங்கேதான் போகிறது. பழைய முறையில் அச்சு மையை உருளையால் உள்ளங்கையில் தடவித் தாளில் பதிப்பார்கள். அதில் ஒரு குறை உண்டு: நடுக்குழி தாளைத் தொடாவிட்டால் அந்த இடம் வெள்ளையாக விழும், விதி ரேகை அறுந்ததுபோலவே காட்டும். தாளுக்கு அடியில் துணிமடிப்பு வைத்து அழுத்தினால் அந்தக் குறை நீங்கும். அச்சை மட்டும் பார்த்து யாராவது முறிவு என்றால், கையையே காட்டிக் கேட்பது நல்லது.

விதி ரேகையே இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். விதி ரேகை இல்லை என்றால் விதியே இல்லை, அதிர்ஷ்டமே இல்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. கீரோவே அப்படிச் சொல்லவில்லை. ரேகை இல்லாத பலர் வாழ்வில் வெற்றி பெறுவதுண்டு, ஏற்றத்தாழ்வு இல்லாமல் வாழ்க்கை போகும் என்பதே அவர் கருத்து. இன்னொரு நுட்பமும் அவர் சொல்கிறார். சதுரமான உள்ளங்கையும் சதுர நுனி விரல்களும் கொண்ட உழைப்பாளிக் கைகளில், வெற்றி பெற்றவர்களுக்குக்கூட விதி ரேகை மெல்லியதாகவே இருக்கும். நீண்ட, நுனி கூம்பிய விரல்கள் உள்ள கையில் காரணமே இல்லாமல் ஆழமாக இருக்கும். அதனால் சதுரக் கையில் காணும் சிறு ரேகைக்கு, கூம்பிய கையில் காணும் நீண்ட ரேகையைவிட அதிக எடை கொடுக்கவேண்டும். கையின் அமைப்பைப் பார்க்காமல் கோட்டை மட்டும் பார்ப்பவரின் பலன் சாத்திரப்படியே தவறும்.

உடற்கூற்றின்படி உள்ளங்கையின் கோடுகள் தோல் மடியும் இடங்கள். பெரிய மூன்று மடிப்புகளும் கருவிலேயே, மூன்று மாதத்தை ஒட்டி அமைந்துவிடுகின்றன. கட்டைவிரலும் சுண்டுவிரல் பக்கமும் நெருங்கிக் கை நீளவாக்கில் குவியும்போது நடுவில் விழும் மடிப்புதான் விதி ரேகை. கையின் அகலம், சதைப்பற்று, தோலின் தடிமன் ஆகியவற்றைப் பொறுத்து அது ஆழமாகவோ, துண்டு துண்டாகவோ, இல்லாமலோ போகிறது. அதில் ஒரு முறிவைப் பார்த்து வேலை போகும், வியாபாரம் நொடியும், திருமணம் தள்ளிப்போகும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியும் என்பதற்கு அறிவியல் சான்று கிடையாது. நூற்றாண்டுகளாக மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி யோசிக்கக் கண்டுபிடித்த மொழி என்ற அளவில் எனக்கு இந்தச் சாத்திரத்தின்மேல் மதிப்பு உண்டு. அதை வைத்து ஒருவர் வேலையை விடுவதையோ, ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதையோ, கடன் வாங்கிப் பரிகாரம் செய்வதையோ ஏற்கமுடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் கை பார்க்கும் ஆசை இருந்தால் ஒன்று செய்யுங்கள். உங்களைப் பற்றி எதுவும் சொல்லாமல், ரேகை எந்த வயதில் முறிகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, அந்த வயதில் என்ன நடந்தது என்று முதலில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்தக் கையை, யாருடைய வயதுக் கணக்கை எடுத்தார் என்பதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். எழுதித் தருபவரிடம் உட்கார்ந்து பேசலாம். எழுத மறுத்துவிட்டு, "ரேகை அறுந்திருக்கிறது, பரிகாரத்துக்கு இவ்வளவு ஆகும்" என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.